பெட்ரோல் ஆப் ஸ்கிரீன்ஷாட்டை வைத்து மைலேஜ் கணக்கிடுவது எப்படி?

தாம்பரத்தில் இருந்து குரோம்பேட்டை, பல்லாவரம் வழியாக கிண்டிக்கு தினமும் ஸ்கூட்டரில் போகிறவரா நீங்கள்? பெட்ரோல் ஆப்பின் ஸ்கிரீன்ஷாட் ஒன்று இருந்தால் போதும், உண்மையான மைலேஜ் தெரிந்துவிடும்.

உதாரணமாக, அதில் 3 வரிகள் இருக்கின்றன என வைத்துக்கொள்வோம்.

18,240 கி.மீ: 3.50 லிட்டர், ஃபுல் டேங்க்
18,352 கி.மீ: 2 லிட்டர், 202 ரூபாய்
18,420 கி.மீ: 2 லிட்டர், 202 ரூபாய், ஃபுல் டேங்க்

ஒரு ஃபுல் டேங்கில் இருந்து அடுத்த ஃபுல் டேங்க் வரை ஓடிய தூரம் 180 கி.மீ. அதற்கு செலவானது, நடுவில் போட்டதும் கடைசியில் போட்டதும் சேர்த்து 4 லிட்டர். 180-ஐ 4-ஆல் வகுத்தால் மைலேஜ் 45. செலவு 404 ரூபாய். அதை 180-ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு சுமார் 2 ரூபாய் 24 காசு.

பலர் தவறுவது எங்கே?

முதல் வரியின் 3.50 லிட்டர், அதற்கு முன்பு ஓடிய தூரத்துக்கானது. அதையும் சேர்த்தால் மைலேஜ் 24 என்று வரும், வண்டியில் கோளாறு என நினைத்து மெக்கானிக்கிடம் ஓடுவோம். நடுவில் போட்டதை விட்டுவிட்டால் 90 எனக் காட்டும். இரண்டுமே தப்பு.

ஒவ்வொரு முறையும் நாசில் தானாக நிற்கும்போதே நிறுத்தச் சொல்லுங்கள். ஒருமுறை அதற்கு மேலும் ஊற்றினால் அந்தக் கணக்கு மாறிவிடும். 2, 3 ஃபுல் டேங்க் கணக்கின் சராசரியே நம்பகமானது.