எரியும் நீரும்: எலும்பு சேகரிப்புச் சடங்கில் உடல் பற்றிய கருத்து

முன்னுரை

உடல் வெறும் கூடு, உயிர் நீங்கியபின் அது அழிக்கத்தக்கது என்னும் கருத்தையே எரியூட்டல் உணர்த்துகிறது என்று பொதுவாகக் கூறப்படுகிறது. எரியூட்டலுக்குப் பின் நிகழும் எலும்பு சேகரிப்பை நோக்கினால் இக்கூற்று முழுமையற்றது என்பது புலனாகும்.

சேகரிப்பின் முறை

விறகுத் தீ தசையை அழிக்கிறது. எலும்பை முற்றிலும் அழிப்பதில்லை. எலும்பிலுள்ள கரிமப் பொருள் எரிந்துபோக, சுண்ணாம்புச்சத்து மிக்க வெண்துண்டுகள் எஞ்சுகின்றன. சடங்கின் இரண்டாம் பகுதி இவ்வெச்சத்திலிருந்தே தொடங்குகிறது.

இதன் பழைய விதிகளை ஆசுவலாயன கிருஹ்ய சூத்திரத்தின் நான்காம் அத்தியாயத்தில் காணலாம். எலும்புகளை ஒவ்வொன்றாக, ஒலி எழாமல், கட்டைவிரலாலும் மோதிரவிரலாலும் எடுத்துக் கலத்தில் இடவேண்டும். பாத எலும்பில் தொடங்கித் தலையெலும்பில் முடிக்கவேண்டும். ஆணுக்குக் கும்பமும் பெண்ணுக்குக் கும்பியும் எனக் கலத்திலும் பால் வேறுபாடு பேணப்படுகிறது. சாம்பலை அள்ளுவது மட்டுமே நோக்கமாயின் இவ்வரிசை தேவையில்லை. தீ சிதைத்த உடல் கலத்திற்குள் அடிமுதல் முடிவரை மீண்டும் ஒழுங்குபெறுகிறது, பாலும் இழக்கப்படுவதில்லை. தமிழகத்தில் ‘காடாற்று’, ‘சஞ்சயனம்’ என வழங்கும் சடங்குகளில், சிதையை நீரும் பாலும் தெளித்துக் குளிர்வித்தபின் எலும்பு பொறுக்குவது இம்மரபின் தொடர்ச்சியாகும்.

குழியிலிருந்து ஆற்றுக்கு

ஆசுவலாயனர் அக்கலத்தை ஆற்றில் விடச் சொல்லவில்லை. மழைநீர் தவிரப் பிற நீர் சூழ்ந்து வராத இடத்தில் குழியில் வைத்து மூடவே விதிக்கிறார். ஓடும் நீரிலிருந்து எலும்பைக் காப்பதே இங்கு நெறி. பிற்கால நூல்களில் இந்நிலை தலைகீழாகிறது. எலும்பு கங்கையில் இருக்குங்காலம் வரை அதற்குரியவர் விண்ணுலகில் வாழ்வார் என்பது மகாபாரதத்தின் அநுசாசன பருவம் கூறும் கருத்து. சகரனின் அறுபதினாயிரம் மைந்தர் சாம்பல் கங்கை பட்டு நற்கதி பெற்ற கதையும் இதற்கு அரணாயிற்று. பவானி கூடுதுறை, திருவரங்கம் அம்மா மண்டபம் முதலிய காவிரித்துறைகளில் இன்றும் அஸ்தி கரைக்கப்படுகிறது.

இடம் மாறினும் அடிப்படை மாறவில்லை. எலும்பின் இருப்பு இறந்தவரின் நிலையைத் தீர்மானிக்கிறது என்பதே இவ்விதிகளின் உட்பொருள். உடல் பொருளற்றதாயின் எலும்பு எங்குள்ளது என்ற வினாவே எழாது.

விதிவிலக்குகள்

பல் முளையாக் குழந்தைகளும் துறவியரும் பெரும்பாலும் எரிக்கப்படுவதில்லை. துறவி தன் ஈமக்கடனைத் துறவேற்கும்போதே முடித்தவர்; குழந்தை அக்கடனுக்குரிய நிலையை இன்னும் எய்தாதது. ஆகவே எரி, வெற்றுடலை அகற்றும் பொது வழியன்று. கடனும் உறவும் உடைய உடலுக்கு உரியது.

முடிவுரை

இச்சடங்கு உடலை ஒரே அடியில் துறப்பதில்லை. தீயால் சிதைத்து, கையால் மீட்டொழுங்கு செய்து, அதன் பின்னரே மண்ணிடமோ நீரிடமோ ஒப்படைக்கிறது. உடல் நிலையற்றது என்பதோடு, அது ஒருவருடைய உடல் என்பதையும் இது வற்புறுத்துகிறது. எரியூட்டலை மட்டும் கொண்டு நிலையாமைக் கோட்பாட்டை விளக்கும் ஆய்வுகள் சடங்கின் முதற்பாதியையே காண்கின்றன.