Rf மதிப்பும் அடையாளச் சான்றும்: மூளையில் காமா-அமினோபியூட்டிரிக் அமிலம் கண்டறியப்பட்ட வரலாறு

முன்னுரை

தாள் வண்ணப்பிரிகையில் ஒரு பொருளின் Rf மதிப்பு என்பது, அப்பொருளின் புள்ளி நகர்ந்த தொலைவைக் கரைப்பான் முகப்பு நகர்ந்த தொலைவால் வகுத்துப் பெறும் எண்ணாகும். அறியப்பட்ட ஒரு பொருளின் எண்ணோடு இவ்வெண் ஒத்திருந்தால், இரண்டும் ஒரே பொருள் எனக் கொள்வது வழக்கம். இம்முறை தோன்றிய முதல் பத்தாண்டிலேயே, அந்த ஒப்புமை எவ்வளவு தூரம் சான்றாகும் என்ற கேள்வி எழுந்தது. அதற்கு ஆய்வாளர்கள் படிப்படியாக விடை கண்ட விதத்தை ஒரு நிகழ்வின் வழியே இக்கட்டுரை ஆராய்கிறது.

அளவீட்டின் தோற்றமும் எல்லையும்

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலிருந்த கம்பளித் தொழில் ஆய்வு நிலையத்தில் ஆர்ச்சர் மார்ட்டினும் ரிச்சர்ட் சிங்கும் 1941-இல் பங்கீட்டு வண்ணப்பிரிகையை உருவாக்கினர். அதனை வடிதாளில் நிகழ்த்தும் முறையை 1944-இல் கான்ஸ்டன், கோர்டன், மார்ட்டின் ஆகிய மூவர் வெளியிட்டனர். Rf என்னும் அளவு அக்கட்டுரையிலேயே வரையறுக்கப்பட்டது. அமினோ அமிலங்கள் நிறமற்றவை. ஆதலின், தாளை உலர்த்தி, நின்ஹைட்ரின் தெளித்துச் சூடாக்கிய பின்னரே புள்ளிகள் ஊதா நிறத்தில் தோன்றின.

கரைப்பான் 30 செ.மீ. நகர, ஒரு புள்ளியின் மையம் 18 செ.மீ. நகர்ந்திருப்பின் Rf மதிப்பு 0.60 ஆகும். தாளை வெளியே எடுத்தவுடன் முகப்பைப் பென்சிலால் குறிக்காவிடில், தாள் உலர்ந்ததும் அதன் எல்லை மங்கிவிடும். முகப்பை 29 செ.மீ. எனத் தவறாகக் கொண்டால் அதே புள்ளி 0.62 எனக் கணக்கிடப்படும். வெப்பநிலை, தாளின் வகை, கரைப்பானில் உள்ள நீரின் அளவு ஆகியவையும் இம்மதிப்பை மாற்றும். ஆகவே, அச்சிட்ட அட்டவணையோடு ஒப்பிடுவதைக் காட்டிலும், அறிந்த பொருளை அதே தாளில் உடன் ஓடவிடுதலே நம்பத்தக்கதாயிற்று. அளவீட்டுப் பிழை நேரினும் அது இரண்டு புள்ளிகளையும் ஒன்றுபோலவே பாதிக்கும்.

எனினும், இரு வேறு பொருள்கள் ஒரே இடத்தில் நிற்கும் இடர்ப்பாடு இதனால் நீங்கவில்லை. லூசினும் ஐசோலூசினும் ஃபீனாலில் ஏறத்தாழ ஒரே தொலைவு நகர்வன. தாளைத் திருப்பி, மற்றொரு கரைப்பானில் குறுக்குத் திசையில் ஓடவிடும் இருதிசை முறை இவ்வையத்தைக் குறைத்ததேயன்றி முற்றிலும் போக்கவில்லை.

பெயரற்ற புள்ளி

உருளைக்கிழங்கின் சாற்றை இம்முறையில் ஆராய்ந்த ஸ்டூவர்ட், தாம்சன், டென்ட் ஆகியோர், காமா-அமினோபியூட்டிரிக் அமிலம் அதில் உள்ளதென்னும் கருத்தை 1949-இல் வெளியிட்டனர். அக்கட்டுரையின் தலைப்பு கேள்விக்குறியுடன் முடிகிறது. புள்ளியின் இடம் பெயரைச் சுட்டிக்காட்டலாம், உறுதிப்படுத்தாது என்னும் எச்சரிக்கையாக அதனைக் கொள்ளலாம்.

அதே காலத்தில் அமெரிக்காவில் யூஜின் ராபர்ட்ஸ் சுண்டெலியின் திசுக்களில் உள்ள அமினோ அமிலங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். மூளைச் சாற்றில் மட்டும், முன்பு அடையாளம் காணப்படாத ஒரு புள்ளி மிகுந்த அளவில் தோன்றியது. அறிந்த காமா-அமினோபியூட்டிரிக் அமிலத்தோடு அது வெவ்வேறு கரைப்பான்களில் ஒன்றியே நகர்ந்தது. ராபர்ட்ஸும் ஃபிராங்கெலும், தனியே அவபாரா குழுவினரும் 1950-இல் இம்முடிவை வெளியிட்டனர்.

விகிதம் என்னும் சான்று

இறுதி உறுதிப்பாட்டை அளித்தவர் சிட்னி யூடன்ஃபிரெண்ட். மூளைச் சாற்றின் அமினோ அமிலங்களைக் கதிரியக்க அயோடின் கொண்ட வினைப்பொருளோடு அவர் இணைத்தார். தூய காமா-அமினோபியூட்டிரிக் அமிலத்தை, கதிரியக்கக் கந்தகம் கொண்ட அதே வினைப்பொருளோடு இணைத்து, இரண்டையும் கலந்து தாளில் ஓடவிட்டார். பின்னர் உருவான பட்டையின் வெவ்வேறு பகுதிகளில் இரு கதிரியக்கங்களின் விகிதத்தையும் அளந்தார்.

இதன் தருக்கம் எளிது. இரண்டும் வெவ்வேறு பொருள்களாயின், ஒன்று சிறிதளவேனும் முந்தும். அப்போது பட்டையின் முன்விளிம்பில் ஒரு விகிதமும் பின்விளிம்பில் வேறொரு விகிதமும் கிடைக்கும். ஒரே பொருளாயின் விகிதம் எங்கும் மாறாது. யூடன்ஃபிரெண்ட் பெற்றது மாறாத விகிதம். இங்குக் கரைப்பான் முகப்பை அளக்க வேண்டிய தேவையே எழவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

முடிவுரை

அட்டவணை எண்ணோடு ஒப்பிடல், அதே தாளில் அருகே ஓடவிடல், பல கரைப்பான்களில் ஓடவிடல், மாதிரியோடு கலந்து விகிதம் அளத்தல் எனச் சான்றின் வலிமை படிநிலையாக உயர்ந்தமையை இவ்வரலாறு காட்டுகிறது. ஒவ்வொரு படியிலும் அறிந்த பொருள் அறியாப் பொருளை மேலும் நெருங்கி வருகிறது. Rf மதிப்பு வேறுபடின் ஒரு பொருளை விலக்கலாம். ஒத்திருப்பின் அதனை மேலும் ஆராயத் தக்கதெனக் கொள்ளலாம். அவ்வெண்ணின் பயனும் எல்லையும் இதுவேயாகும்.