பரங்கிமலைச் சங்கிலியும் ஒரு திருத்தமும்

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி கிண்டிப் பக்கம் போகிறவர்களுக்குப் பரங்கிமலையைத் தெரியாமல் இருக்காது. 1802, ஏப்ரல்-மே மாத வெயிலில், வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி அந்த மலைக்குப் பக்கத்திலிருந்து பெரும்பாக்கம் குன்றுப் பக்கமாக ஒரு நேர்கோடு அளந்தார். நீளம் ஏழரை மைல். கருவி, நூறு அடி நீளமுள்ள ஓர் எஃகுச் சங்கிலி!

எதற்கு இந்தப் பாடு? முக்கோணத்தின் ஒரு பக்க நீளமும் கோணங்களும் தெரிந்தால், மற்ற பக்கங்களைக் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிடலாம். அப்படி முக்கோணத்தின் மேல் முக்கோணமாக அடுக்கிக்கொண்டு போய், பூமியின் வடிவத்தையே அளக்க லாம்டன் திட்டமிட்டிருந்தார். முதல் கோடு இங்கே. பிறகு வேறு ஊர்களிலும் இப்படிச் சில கோடுகள். தென்கோடியிலிருந்து ஏறக்குறைய பத்து டிகிரி வடக்கே வரை அளந்து முடித்து, 1818-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் முடிவுகளை வெளியிட்டார்.

அப்புறம்தான் வந்தது வம்பு. லாம்டனிடம் முன்பு வேலை பார்த்த ஹென்றி கேட்டர், லண்டனில் பல அளவுகோல்களை ஒப்பிட்டு 1821-ல் அறிக்கை வெளியிட்டார். லாம்டன் நம்பியிருந்த அளவுகோலின் 'அடி'யும் பார்லிமெண்ட் அளவுகோலின் 'அடி'யும் துல்லியமாக ஒன்றல்ல!

வித்தியாசம் ரொம்பச் சின்னதுதான். ஒரு பேச்சுக்கு, லட்சத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழரை மைலில் ஐந்து அங்குலம்கூடத் தேறாது. பத்து டிகிரி தூரத்திலோ முப்பத்தாறு அடியாக வளர்ந்துவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தியாவுக்குள் எத்தனை தடவை சரிபார்த்தாலும் இந்தப் பிழை பிடிபடாது. எல்லாக் கோடுகளுக்கும் ஒரே அளவுகோல் என்பதால், எல்லாமே ஒரே விகிதத்தில் தப்பாக இருக்கும்! ஐரோப்பாவில் அளந்த தூரங்களோடு ஒப்பிடும்போதுதான் குட்டு உடையும்.

நல்லவேளையாக, கோணங்களுக்கு இதில் பங்கில்லை. நட்சத்திரங்களைப் பார்த்துக் கண்ட அட்சரேகைகளுக்கும் இல்லை. திரும்ப அளக்கவே வேண்டாம், நீளங்களை ஒரு விகிதத்தால் திருத்தினால் போதும்.

சத்தமில்லாமல் ஒரு புது அட்டவணை தயாரித்து, அடுத்த வெளியீட்டில் பழையதற்குப் பதிலாக நுழைத்திருக்கலாம். லாம்டன் அப்படிச் செய்யவில்லை. அதே இதழில், 1823-ல், அவருடைய தனிக் கட்டுரை வந்தது. தலைப்பே 'திருத்தங்கள்' என்றுதான் ஆரம்பிக்கிறது! எந்த அட்சரேகையிலிருந்து எதுவரை என்பதும், எந்த அளவுகோலுக்கு மாற்றுகிறார் என்பதும் தலைப்பிலேயே இருக்கின்றன.

ஏன் அது முக்கியம்? 1818-ன் எண்களை எடுத்து வேறு யாராவது கணக்குப் போட்டிருந்தால்? பழைய எண் அப்படியே இருக்க, திருத்தம் பக்கத்தில் நின்றால்தான் தன் கையில் இருப்பது எது என்று அவருக்குத் தெரியும். பழசை அழித்திருந்தால், ஒரே தூரத்துக்கு இரண்டு எண்களை வைத்துக்கொண்டு அவர் முழித்திருப்பார்.

அந்தக் கட்டுரை அச்சான அதே 1823-ல், ஜனவரி மாதம், மத்திய இந்தியாவில் ஹிங்கன்காட் என்ற ஊரில் லாம்டன் இறந்துபோனார். அப்போதும் வடக்கு நோக்கி அளந்துகொண்டே போகிற பயணத்தில்தான் இருந்தார்!