சீட்டின் கதை – 14: இரண்டு பேர் நின்றால் போதும்

பரிசுச் சீட்டுகளைத் தடை செய்த 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கதை இந்த வாரம் வரும் என்று சொல்லியிருந்தேன். ஜேம்ஸ் ராஜ் குழு வரைக்கும் போன வாரமே பார்த்துவிட்டோம். ஆனால் அதே காலத்தில், 1974-ல், சென்னையில் சீட்டுக் கம்பெனி தொடங்கிய ஒரு மனிதரைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

ஆர். தியாகராஜன், கணிதம் படித்துவிட்டு இன்சூரன்ஸ் வேலைக்குப் போனவர். நண்பர்களோடு சேர்ந்து அவர் ஆரம்பித்த ஸ்ரீராம் சிட்ஸ்தான் பிறகு பழைய லாரிக்குக் கடன் கொடுக்கும் பெரிய குழுமமாக வளர்ந்தது. நாமக்கல் பக்கம் லாரி வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பெயரை விளக்கத் தேவையில்லை. வங்கி திருப்பி அனுப்பிய டிரைவரும் ஒழுங்காகத் தவணை கட்டுவார் என்று நம்பியவர் அவர். தன் பங்குகளை ஊழியர் அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்தார். கைபேசிகூட வைத்துக்கொள்ளவில்லை. என் கணக்கில் அவர் கதாநாயகன். அதற்கு முக்கியக் காரணம், நம்பிக்கையோடு நிறுத்திக்கொள்ளாமல் பதிவும் ஜாமீனும் கேட்டு வாங்கிச் சீட்டு நடத்தியது.

அது இல்லாமல் நடத்தினால் என்ன ஆகும்? ஆத்தூரில் ஒரு சீட்டு நடப்பதாக வைத்துக்கொள்வோம். 20 பேர், மாதம் 5,000 ரூபாய், 20 மாதம்; ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு. மூன்றாம் மாதம் ஒருவர் 25,000 தள்ளி எடுக்கிறார். கைக்கு வருவது 75,000. தள்ளிய தொகையில் 5,000 நடத்துபவரின் கமிஷன். மீதி 20,000-ஐ எல்லோருக்கும் பிரித்தால் தலைக்கு 1,000. அந்த மாதம் ஒவ்வொருவரும் 4,000 கட்டினால் போதும். 80,000 வந்தது, 80,000 போனது. பெட்டியில் ஒரு பைசா மிச்சமில்லை.

இரண்டாம், மூன்றாம் மாதம் எடுத்தவர்கள் இருவரும் எட்டாம் மாதத்தோடு கட்டுவதை நிறுத்திவிட்டார்கள் என்று வையுங்கள். கசர் கழித்து மாதம் சராசரி 4,500 என்றால், மிச்சம் 12 மாதத்துக்கு இருவரிடமும் நிற்பது 1,08,000. நடத்துபவருக்கு 20 மாதமும் சேர்த்து வரும் மொத்தக் கமிஷனே ஒரு லட்சம்தான். இரண்டே பேர் அவர் லாபத்தை முழுக்கத் தின்றுவிட்டார்கள்.

ஆத்தூரில் இன்னொரு சிக்கலும் உண்டு. மரவள்ளிக் கிழங்கு போடுபவர், சேகோ ஆலைக் கூலி, கிழங்கு ஏற்றும் வண்டிக்காரர் எல்லோரும் ஒரே சீட்டில் இருப்பார்கள். கிழங்கு விலை விழுந்தால் எல்லோர் கையும் ஒரே நேரத்தில் வறண்டுவிடும். நிற்பது இருவரோடு முடியாது.

இங்கேதான் நடத்தும் அக்காவோ அண்ணனோ தப்புப் பண்ணுகிறார். ஊரில் பேர் கெட்டுவிடக் கூடாதென்று இரண்டாவது சீட்டு ஒன்றை ஆரம்பித்து, அந்தப் பணத்தை முதல் சீட்டில் எடுப்பவருக்குக் கொடுக்கிறார். பிறகு மூன்றாவது. இரவோடு இரவாக வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும் பலர் முதல் நாளே ஏமாற்றக் கிளம்பியவர்கள் அல்லர் என்பது என் எண்ணம். பணம் போட்டவருக்கு அதனால் ஆறுதல் ஒன்றும் இல்லை. பதிவில்லாத சீட்டு என்பதால், எடுத்தவர்மேல் பதிவாளரிடம் வழக்குப் போடவும் நடத்துபவருக்கு வழியில்லை.

1982-ஆம் ஆண்டு மத்தியச் சீட்டு நிதிச் சட்டம் இந்த ஓட்டையைத்தான் அடைக்கப் பார்த்தது. சீட்டு தொடங்கும் முன்பே சீட்டுத் தொகைக்கு ஈடாக டெபாசிட்டோ அரசுப் பத்திரமோ பதிவாளர் பெயரில் வைக்க வேண்டும். எடுப்பவர் மிச்சத் தவணைக்கு ஜாமீன் தர வேண்டும். கமிஷன் உச்சவரம்பு 5 சதவீதமாக இருந்தது. 2019 திருத்தத்தில் 7 ஆனது. தவணை நிற்பதை எந்தச் சட்டமும் தடுக்காது. நின்றால் கைவைக்க ஒரு பணம் இருக்கும், அவ்வளவுதான்.

சரிபார்க்கும்போது பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஜி.எஸ்.டி. எண்ணையும் கம்பெனிப் பதிவுச் சான்றையும் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி வைத்திருப்பார்கள். இரண்டும் சீட்டு நடத்த அனுமதி அல்ல. கம்பெனிக்கு அனுமதி இருந்தாலும் ஒவ்வொரு சீட்டுக் குழுவுக்கும் தனியாக முன் அனுமதி, பதிவு, தொடக்கச் சான்று வேண்டும். நீங்கள் சேரும் குழுவின் எண்ணைக் கேளுங்கள். அதை எழுதிக்கொண்டு பதிவுத்துறையின் சீட்டுப் பதிவாளரிடம் போய், இந்த எண் இந்தத் தொகைக்கு, இத்தனை பேருக்குப் பதிவாகியிருக்கிறதா என்று விசாரியுங்கள். ஒப்பந்தத்தின் நகல் உங்கள் கைக்கு வராமல் முதல் தவணை கட்டாதீர்கள்.

மாதம் இவ்வளவு வட்டி, தீபாவளிக்குத் தங்கக் காசு என்று முன்கூட்டியே சொன்னால் அது சீட்டே அல்ல. ஏலத்தில் யார் எவ்வளவு தள்ளுவார் என்பது யாருக்கும் முன்னாலே தெரியாது. அப்படி வசூலிப்பவர்மேல் ரிசர்வ் வங்கியின் sachet.rbi.org.in தளத்தில் புகார் செய்யலாம். பணம் போய்விட்டதென்றால் பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் போக வேண்டும்.

1978 அடுத்த வாரம். அதற்குள் உங்கள் சீட்டுக் குழு எண்ணைக் கேட்டு வையுங்கள். தர மறுத்தால் அடுத்த தவணை கட்டும் முன் பதிவாளரிடம் போய்விடுங்கள்.