பாரிஸில் மளிகைக்கடை: முதலாளியின் காகிதமும் முருங்கைக்காயின் காகிதமும்

சிந்தாதிரிப்பேட்டையில் எங்கள் தெருமுனைக் கடையில் முருங்கைக்காய் வாங்கும்போது அதன் பூர்வீகத்தை யாரும் கேட்பதில்லை. பாரிஸில் அதே காய் கடைக்கு வருவதற்குள் சில அலுவலகங்களைத் தாண்டியாக வேண்டும். கடைக்காரரும் அப்படித் தாண்டி வந்தவர்தான். கோப்புகளோடு வாழ்ந்தவன் என்பதாலும் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதாலும் எனக்கு இந்த வரலாற்றில் தனி ருசி உண்டு.

பாரிஸில் தமிழ்க் கடைகள் இரண்டு அலைகளாக வந்தன. முதலில் வந்தவர்கள் புதுச்சேரிக்காரர்கள். பிரெஞ்சுப் பகுதிகளை இந்தியாவுக்கு ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1956-ல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16-ல் நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அப்படி எழுதிக் கொடுத்தவர்களில் பட்டாளத்தில் இருந்த 'சொல்தா' குடும்பங்கள் அதிகம். அந்த ஒரு கையெழுத்தின் பலன் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. 1970-களில் பாரிஸ் பத்தாம் வட்டாரத்தில், பசாழ் பிராதி என்ற கண்ணாடிக் கூரை போட்ட சந்தில், புதுச்சேரிக்காரர்கள் கடையும் உணவகமும் திறந்தபோது அவர்கள் சட்டப்படி பிரெஞ்சுக்காரர்கள். வணிகப் பதிவேட்டில் பெயரை ஏற்றினால் போதும்.

அந்நியருக்கு அது போதவில்லை. 1938 நவம்பர் 12-ல் வந்த ஆணைப்படி, வெளிநாட்டவர் வியாபாரம் செய்ய 'கார்த் தெ கொமெர்சான்' என்ற வணிகர் அட்டையை மாவட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே வாங்க வேண்டியிருந்தது. உள்நாட்டு வியாபாரிகளைக் காப்பதற்காக மந்தநிலைக் காலத்தில் போட்ட விதி அது.

1983 கலவரத்துக்குப் பிறகு வந்த ஈழத் தமிழர்கள் இந்த விதியின் முன்னால்தான் வந்து நின்றார்கள். அவர்களுக்கு வழி திறந்தது 1984 ஜூலை 17-ன் சட்டம். அது பத்தாண்டு வசிப்பிட அட்டையை உண்டாக்கியது. அந்த அட்டை உள்ளவருக்கு வணிகர் அட்டை தேவையில்லை என்றும் ஆயிற்று. அகதியாக ஏற்கப்பட்டவருக்கு வசிப்பிட அட்டை உரிமையாகவே கிடைத்தது. ஆனால் ஏற்கப்படும்வரை வெறும் ரசீதுச் சீட்டுதான். அன்று அதை வைத்துக்கொண்டு உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவ முடிந்தது, கடை போட முடியவில்லை.

அட்டை கிடைத்த பிறகு இடம் வேண்டும். பிரான்சில் கடைக் குத்தகை ஒன்பது ஆண்டுக்கானது. குத்தகையைப் புதுப்பிக்க மறுக்கும் உரிமையாளர் நஷ்டஈடு தர வேண்டும். அதனால் குத்தகையே ஒரு சொத்தாகிவிடுகிறது; வெளியேறுபவர் அதைப் புதியவருக்கு விலைக்கு விற்கிறார். இந்த முதல் தொகைக்குப் பலருக்கும் கைகொடுத்தது நம் சீட்டு. எடுத்துக்காட்டாக, 20 பேர் மாதம் 1,000 பிராங்க் போட்டால் 20,000 சேரும். அவசரக்காரர் 4,000 தள்ளி எடுத்தால் கையில் 16,000; தள்ளிய தொகை மற்றவர்களுக்குப் பங்காகும். ஜாமீன் கேட்கும் வங்கியைவிட இது எளிது. எடுத்தவர் கட்டாமல் போனால் சட்டம் துணைக்கு வராது என்பதுதான் இதன் ஆபத்து. இப்படித்தான் கார் து நோர் ரயில் நிலையத்துக்கும் லா ஷப்பேலுக்கும் இடையே, ஃபோபூர் சேன் தெனி தெருவிலும் பக்கத்து கய் தெருவிலும் யாழ்ப்பாணக் கடைகள் வரிசையாக எழுந்தன.

இனி சரக்கு. அரிசியும் ஒடியலும் மிளகாய்த்தூளும் கப்பலில் வரும். இருபதடிக் கொள்கலனில் ஏறத்தாழ 25 டன் அரிசி பிடிக்கும். சின்னக் கடைக்கு அது மாளாது. எனவே பெரிய கடைக்காரர் ஒருவர் மொத்தமாக இறக்கி, மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்.

காய்கறி விமானத்தில் வரும், சிக்கலும் அதில்தான். 2014 மே 1 முதல் இந்தியாவின் மாம்பழம், கத்தரி, பாகல், புடல், சேம்பு ஆகிய ஐந்தையும் ஐரோப்பிய ஒன்றியம் தடுத்தது. பழ ஈ உள்ளிட்ட பூச்சிகள் திரும்பத் திரும்பப் பிடிபட்டதே காரணம். மாம்பழத் தடை 2015-ல் நீங்கியது. மற்றவற்றுக்கு இன்னும் நாளாயிற்று. தடை இந்தியச் சரக்குக்கு மட்டும் என்பதால், வேறு நாடுகளிலிருந்தும் வரவழைக்கத் தெரிந்த கடை தப்பித்தது. ஒரே ஊரை நம்பிய கடையில் கூடை காலியாகக் கிடந்தது.

2019 டிசம்பர் 14 முதல் விதி இன்னும் இறுகியது. ஏறக்குறைய எல்லாப் பசுமையான காய்கனிகளுக்கும், ஏற்றுமதி செய்யும் நாட்டின் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். விலக்கு ஐந்துக்குத்தான்: வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன். சான்றிதழ் ஒவ்வொரு சரக்குக்கும் புதிதாக வேண்டும். சான்றிதழ் சரியாக இருந்தாலும், சோதனையில் பூச்சி தென்பட்டால் பெட்டிகளை அழித்துவிடலாம். அழுகும் பொருள் என்பதால் வெறும் தாமதமே நஷ்டம்தான்.

ஆக, கடைக்காரர் தன் காகிதத்தை ஒருமுறை சம்பாதித்து, காலாகாலத்தில் புதுப்பித்தால் போதும். முருங்கைக்காய்க்கோ ஒவ்வொரு பயணத்துக்கும் புதுக் காகிதம். அந்த ஊரில் அது ஏன் அந்த விலை விற்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். இந்த விதி பயணிகளின் பெட்டிக்கும் பொருந்தும். பிள்ளைகளைப் பார்க்கப் பாரிஸ் போகிறவர்கள் பச்சைக் கறிவேப்பிலையையும் முருங்கைக்காயையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது.