தடையின்மைச் சான்று

தடை, இன்மை, சான்று மூன்றும் சேர்ந்த சொல் இது. 'ஆட்சேபணையின்மைச் சான்று' என்றும் எழுதுவார்கள். ஆட்சேபம் வடசொல், எறிதலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. இரண்டுமே மறுப்பு இல்லை என்கின்றனவே தவிர, அனுமதி உண்டு என்பதில்லை. வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க இதைக் கேட்கும் மத்திய அரசு ஊழியர் இந்த வேறுபாட்டில்தான் இடறுகிறார். இடம் கிடைத்ததும் படிப்பு விடுப்பைத் தனியே கேட்க வேண்டும். அதற்குப் பொதுவாக ஐந்தாண்டுப் பணி வேண்டும், பிணைப்பத்திரமும் எழுதித் தர வேண்டும்.

மறுப்பில்லை என்றவர்களே விடுப்பை மறுப்பது முரணல்லவா என்று கேட்கலாம். முரணில்லை. சான்று தரும்போது எந்தப் படிப்பு, எத்தனை மாதம் என்பது முடிவாகியிருக்காது; விடுப்போ சாதாரணமாகப் பணிக்காலம் முழுவதற்கும் 24 மாதத்துக்குள் அடங்க வேண்டும். ஆகவே சான்றில் 'விண்ணப்பிக்க' என்றிருக்கிறதா, 'சேர' என்றிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.