மழை ரோட்டுல வழுக்காத ஷூ எது? ரப்பர், பி.யூ., இ.வி.ஏ. சோல்... எதை வாங்கலாம்?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிட்டாலே அவலூர்பேட்டை, செஞ்சி பக்கம் நடந்து போறவங்களுக்கு ஒரே நடையில மூணு விதமான தரை வரும். தார் ரோடு, சந்தை ஓரத்துச் சேறு, கடை வாசலில் பதிச்ச வழவழப்பான டைல்ஸ். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது இதே விழுப்புரம் மாவட்டத்தின் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. இப்படிப்பட்ட சீசனுக்கு ஷூ வாங்கும்போது விலையையும் கலரையும் பார்க்கிறோம். ஆனால் காலை வாரிவிடுவதும் காப்பாற்றுவதும் அடியில் இருக்கும் சோல்தான்.

மூன்றையும் கண்டுபிடிப்பது எப்படி?

கையில் தூக்கிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். மூன்றில் அதிக கனமாக இருப்பது ரப்பர். இறகு மாதிரி லேசாக இருந்து, கட்டைவிரலால் அழுத்தினால் பஞ்சு போல உள்ளே போனால் அது இ.வி.ஏ. இரண்டுக்கும் நடுவில் இருப்பது பி.யூ. எனப்படும் பாலியூரிதேன். இ.வி.ஏ.வும் பி.யூ.வும் உள்ளே நுண்ணிய காற்றுக்குமிழிகள் கொண்ட நுரைப் பொருட்கள். அதனால் இந்த சோல்களின் துண்டுகள் தண்ணீரில் மிதக்கும், கெட்டியான ரப்பர் மூழ்கும்.

ஈரத்தில் எது பிடிக்கும்?

ஈரமான டைல்ஸில் கால் வைக்கும்போது சோலுக்கும் தரைக்கும் நடுவே மெல்லிய தண்ணீர்ப் படலம் நிற்கிறது. சோல் அந்தத் தண்ணீரைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டு, தரையின் சின்னச் சின்ன மேடு பள்ளங்களில் அமுங்கிப் பிடிக்க வேண்டும். மென்மையான ரப்பர் இதை நன்றாகச் செய்யும். பி.யூ. சுமாராகப் பிடிக்கும். இ.வி.ஏ. மட்டுமே தரையில் படும் செருப்புகள் ஈர டைல்ஸில் சீக்கிரம் வழுக்கும். அடியில் இருக்கும் கோடுகள் தேய்ந்துவிட்டால், தண்ணீர் வெளியேற வழி இல்லாமல் ரப்பரும் வழுக்கத்தான் செய்யும். செஞ்சிக் கோட்டைப் படிகள் போன்ற பாறையில் பாசி படிந்திருந்தால் எந்த சோலையும் நம்ப முடியாது.

எது அதிக நாள் உழைக்கும்?

கரடுமுரடான தார் ரோட்டில் இ.வி.ஏ. வேகமாகத் தேயும், நாளாக நாளாக அமுங்கித் தட்டையாகவும் ஆகிவிடும். ரப்பர் மெதுவாகத் தேயும். பி.யூ.வும் தேய்மானத்தை நன்றாகவே தாங்கும். ஆனால் அதற்கு வேறொரு எதிரி இருக்கிறது, அது ஈரப்பதம்.

பி.யூ. ஷூ திடீரென உடைவது ஏன்?

2021இல் வாங்கிய ஒரு பி.யூ. ஷூவை நாலைந்து தடவை மட்டும் போட்டுவிட்டு, பெட்டியோடு பரண்மேல் வைத்ததாக வைத்துக்கொள்வோம். நாலு வருஷம் கழித்து மழைக்கு எடுத்து மாட்டினால், பார்க்கப் புதுசு போலவே இருக்கும். பத்து நிமிஷம் நடந்ததும் சோல் கேக் மாதிரி உதிர்ந்துவிடும். காரணம், காற்றில் உள்ள ஈரம் பி.யூ.வின் வேதிப் பிணைப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுப்பதுதான். ஷூவைப் போடாமல் வைத்திருந்தாலும் இது நடக்கும், வெயிலும் புழுக்கமும் இதை இன்னும் வேகப்படுத்தும். பொதுவாக பாலியெஸ்டர் வகை பி.யூ.வில்தான் இந்தப் பிரச்சினை அதிகம். இப்படி உதிர்ந்த சோலை ஒட்டவும் முடியாது. பசை பிடிக்க வேண்டிய பரப்பே பொடியாகிவிடும், முழு சோலையும்தான் மாற்ற வேண்டும்.

எனவே பழைய பி.யூ. ஷூவைப் போடுவதற்கு முன் சோலை நன்றாக வளைத்துப் பாருங்கள். மெல்லிய விரிசல், பிசுபிசுப்பு, நகத்தால் சுரண்டினால் உதிரும் துகள்... இதில் ஒன்று தெரிந்தாலும் வெளியே போட்டுப் போக வேண்டாம்.

வீட்டிலேயே கிரிப் டெஸ்ட்

லக்கேஜ் எடை பார்க்கும் கொக்கித் தராசு போதும். 300 கிராம் ஷூவுக்குள் 1.7 கிலோ அரிசிப் பையை வைத்தால் மொத்தம் 2 கிலோ. அதை ஈர டைல்ஸில் வைத்து, தரைக்கு இணையாக மெதுவாக இழுங்கள். தராசு 1 கிலோ காட்டும்போது நகர்ந்தால் பிடிமானம் 0.5, அது நல்ல நிலை. 600 கிராமிலேயே நகர்ந்தால் 0.3. சமதளத்தில் சாதாரணமாக நடக்கவே சுமார் 0.2 தேவை என்பதால், சரிவிலும் அவசர நடையிலும் 0.3 ஆபத்துதான். இது ஆய்வகச் சோதனை அல்ல. ஆனால் வீட்டில் இருக்கும் இரண்டு ஷூக்களில் எது மேல் என்று ஒப்பிட உதவும்.

அப்போ எதை வாங்கலாம்?

தினமும் ரோட்டில் அதிகம் நடப்பவர்களுக்கு, நடுவில் இ.வி.ஏ., தரையில் படும் அடுக்கில் ரப்பர் உள்ள ஷூ பொருத்தம். கனமும் குறையும், பிடிமானமும் கிடைக்கும். பி.யூ. வாங்கினால் தயாரிப்புத் தேதியைப் பார்த்து வாங்குங்கள், பெட்டியில் பூட்டி வைக்காமல் அடிக்கடி போடுங்கள். இ.வி.ஏ. செருப்பு வீட்டுக்குள்ளும் வாசல் வரைக்கும் சரி. நனைந்த எந்த ஷூவையும் கொளுத்தும் வெயிலில் வைக்காமல் நிழலில் காயவையுங்கள். அதிகச் சூட்டில் இ.வி.ஏ. சுருங்கிவிடும்.